பாகும் கேரமலும்: கொடைக்கானல் அடுப்பில் 7 டிகிரி படுத்திய பாடு

எங்கள் வீட்டில் ஒரே மாதத்துக்குள் இரண்டு முறை இனிப்பை அடுப்பில் காய்ச்ச வேண்டியிருக்கும். கார்த்திகை தீபத்துக்கு வெல்லப் பாகில் கடலை மிட்டாயும் பொரி உருண்டையும் செய்வோம். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு எதிர் வீட்டு அக்காவோடு சேர்ந்து பிளம் கேக் போடுவோம். அதற்கு நிறம் கொடுக்கிற கேரமல் சிரப் என் பொறுப்பு. வருடா வருடம் இரண்டில் ஒன்றையாவது கசக்க வைத்துவிடுவேன். போன வருடம் எல்லோரும் கேக்கை ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். அதனால்தான் இந்த முறை பாகு காய்ச்சப் பயன்படும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கினேன். கம்பி மாதிரி நீண்ட முனை, மேலே சின்னத் திரை, கூடவே எந்தப் பதத்துக்கு எத்தனை டிகிரி என்று அச்சடித்த ஓர் அட்டை. இனிமேல் எண்ணைப் பார்த்து அடுப்பை அணைத்தால் போதும் என்று நினைத்தேன்.

முதல் பாத்திரம் கடலை மிட்டாய். 250 கிராம் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை, 200 கிராம் வெல்லம், கால் டம்ளர் தண்ணீர். வெல்லம் கீழே நெய்க்காரப்பட்டிப் பக்கமிருந்து வந்தது, நல்ல கருஞ்சிவப்பு. உடைத்தால் மொறுமொறுவென்று இருக்கவேண்டிய பாகுக்கு அட்டையில் 150 டிகிரி என்று போட்டிருந்தது. வெல்லத்தைக் கரைத்து, அப்படியே தீயைக் கூட்டி, தெர்மாமீட்டரை உள்ளே நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 110இலிருந்து 120க்குப் போக அது எடுத்த நேரத்தில் ஒரு டீ குடித்து முடித்திருக்கலாம். 135ஐத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தது. 145 காட்டும்போதே அடுக்களையில் காந்தல் வாடை. ஆனால் எண் 150 ஆகவில்லையே! காத்திருந்தேன். 150 வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறித் தட்டில் பரப்பினேன். ஆறிய பிறகு ஒரு துண்டு வாயில் போட்டால் முதலில் இனிப்பு, இரண்டு நொடி கழித்துத் தொண்டையில் கஷாயம். அத்தனை கடலையும் போச்சு.

சந்தேகம் தெர்மாமீட்டர் மேல் விழுந்தது. கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்தால் 100 காட்டவேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். வைத்தேன். 93இல் நின்றுவிட்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, எண் மட்டும் அசையவில்லை. சரி, இது 7 டிகிரி குறைத்துக் காட்டுகிற பொருள், அது 150 காட்டியபோது பாகின் நிஜ வெப்பம் 157 ஆக இருந்திருக்கும், அதனால்தான் கருகியது என்று முடிவு கட்டினேன். கடைக்குத் திருப்பி அனுப்பச் சோம்பலாக இருந்தது. இனிமேல் அட்டையில் போட்டிருக்கிற எண்ணிலிருந்து 7 கழித்துக்கொள்வோம் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாத்திரத்தில் அதே அளவு வெல்லத்தை 143இல் இறக்கினேன். அருமையாக வந்தது. கண்ணாடி மாதிரி உடைந்தது, கசப்பின் சாயல்கூட இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது.

அடுத்து கேரமல். 200 கிராம் சர்க்கரை, நாலு டேபிள்ஸ்பூன் தண்ணீர். கருநிறக் கேரமலுக்கு அட்டையில் 180. என் கணக்குப்படி 7ஐக் கழித்து 173 காட்டியபோது இறக்கி வெந்நீர் ஊற்றினேன். தேன் நிறம்தான் வந்திருந்தது. வாசனை இருந்தது, ஆனால் கேக் மாவில் கலந்தபோது நிறமே ஏறவில்லை. சுட்டு எடுத்த சோதனைக் கேக் நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்தது. எதிர் வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “தம்பி, இது பிளம் கேக்கா, ரஸ்க்கா?” என்று கேட்டார்.

ஒரே தெர்மாமீட்டர், ஒரே திருத்தம். வெல்லத்துக்குச் சரியாக வந்தது, சர்க்கரைக்குப் பிசகியது. இது எப்படி என்று ஒரு ராத்திரி முழுக்க மண்டையைக் குடைந்தது. மறுநாள் ஐஸ் கட்டிகளை உடைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் முனையை வைத்தேன். துல்லியமாக 0. அப்புறம்தான் உறைத்தது. தெர்மாமீட்டரில் பழுதே இல்லை. நான் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே. இங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரமாகிறது, குக்கர் இல்லாமல் ஆகாது என்று இத்தனை வருடம் புலம்பிக்கொண்டே இருந்தவனுக்கு, இது நினைவுக்கு வரவில்லை.

வெல்லப் பாகு காய்ச்சும்போது தெர்மாமீட்டர் காட்டும் எண் உண்மையில் பாகில் மிச்சம் இருக்கிற தண்ணீரின் அளவைச் சொல்கிறது. தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பாகு கெட்டியாகும், அதன் கொதிநிலையும் ஏறும். ஒற்றைக்கம்பிப் பதம், உருட்டுப் பதம், டங் என்று உடைகிற பதம் எல்லாமே எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்பதன் பெயர்கள்தான். மலையில் தண்ணீர் 7 டிகிரி முன்னதாகவே கொதிப்பதால், அந்தந்தப் பதமும் ஏறக்குறைய 7 டிகிரி முன்னதாகவே வந்துவிடும். சமவெளியில் 150 வரை போகவேண்டிய பாகு இங்கே 143இலேயே தயார். நான் முதல் தடவை 150 வரை ஓட்டியது, தண்ணீர் போன கணக்கில், சென்னையில் ஒருவர் 157 வரை ஓட்டியதற்குச் சமம். பதம் தாண்டியும் அத்தனை சூட்டில் அடுப்பிலேயே இருந்தால் வெல்லம் தாங்காது.

கேரமல் கதை வேறு. சர்க்கரை நிறம் மாற ஆரம்பிக்கும்போது அதில் தண்ணீர் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அதன்பின் நடப்பது கொதிப்பு இல்லை, சர்க்கரையே உடைந்து வேறு பொருளாக மாறுகிறது. அதற்குக் காற்றழுத்தம் பற்றிக் கவலை இல்லை. 160ஐ ஒட்டி வைக்கோல் நிறம், 170இல் தேன் நிறம், 180இல் கருஞ்சிவப்பு என்பது கொடைக்கானலிலும் மலைக்குக் கீழே வத்தலக்குண்டிலும் ஒன்றுதான். ஆக, பாகுக்கு 7 கழிக்கவேண்டும், கேரமலுக்குக் கழிக்கவே கூடாது. தப்பான காரணத்தை நம்பி நான் செய்த திருத்தம் பாதியிடத்தில் தற்செயலாகப் பலித்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான்காவது பாத்திரத்தைக் கருக்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேரமலை இந்த முறை அம்மாவின் இரும்புச் சட்டியில் வைத்தேன், அடி கனமாக இருந்தால் ஒரே சீராகச் சூடேறும் என்று. 180 காட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீர்ப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் நுரை பொங்கி மேலே வந்திருந்தது, நீலப் புகை. அடுப்பு அணைந்தாலும் இரும்பு தன்னிடம் வாங்கி வைத்திருந்த சூட்டைப் பாகுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூட்டை ஆவி எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் இல்லாத பாகில் அது எங்கே போகும்? வெப்பமாகத்தான் ஏறும். போதாக்குறைக்குக் கருப்புச் சட்டியில் நிறமும் தெரியவில்லை. தேன் நிறமும் தார் நிறமும் அதில் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஐந்தாவது தடவை ஸ்டீல் பாத்திரம், அடி கனமானது, உள்பக்கம் பளபளவென்று வெளுப்பாக இருப்பது. அதில் செய்ததைத்தான் விவரமாகச் சொல்லவேண்டும்.

முதலில் 200 கிராம் சர்க்கரையும் நாலு டேபிள்ஸ்பூன் தண்ணீரும். சர்க்கரை முழுக்கக் கரையும்வரை சிம்மில்தான். இந்தக் கட்டத்தில் கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டி போடக் கூடாது. போட்டால் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைக் குருணை உள்ளே விழுந்து, மொத்தப் பாகும் மணல் மணலாக உறைந்துவிடும். ஓரத்தில் குருணை ஒட்டினால், ஈரத் துணி சுற்றிய கரண்டிக் காம்பால் துடைத்துவிடலாம். நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் உறைகிற பயம் குறையும். கரைந்ததும் தீயை நடுத்தரத்துக்குக் கூட்டினேன். பெரிய பெரிய குமிழிகள், சலசலவென்று சத்தம். ஏழெட்டு நிமிடத்தில் குமிழிகள் சின்னதாகி, சத்தம் அடங்கியது. தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அங்கேயே தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்தேன். கேரமலில் என் கண்ணுக்குத் தப்பாத ஒரே விதி இதுதான்: நிறம் வருமுன் தீயைக் குறைக்கவேண்டும், வந்தபின் குறைத்தால் தாமதம்.

ஒரு மூலையில் முதலில் வைக்கோல் நிறம் படரும். பாத்திரத்தைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் அது மற்ற இடத்தோடு கலந்துவிடும். அப்புறம் தேன். அதற்கப்புறம் கட்டன் சாயா. நிறத்தை நடுவில் ஆழமாக இருக்கும் இடத்தில் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் பாகு தடிமனாக இருக்கிற இடத்தில் கருமையாகத்தான் தெரியும். பாத்திரத்தைச் சாய்த்து, ஓரத்தில் மெல்லிசாக வழிகிற படலத்தைப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் விடவேண்டும். இங்கே டிசம்பரில் மதியம் இரண்டு மணிக்கே மஞ்சு இறங்கிவிடும், சமையலறையில் மஞ்சள் பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில் வைக்கோலும் தேன் மாதிரிதான் இருக்கும். தட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பேன்.

தேன் நிறத்தில் கிளம்புவது வெண்ணெயும் பாலும் கலந்த மாதிரியான இனிப்பு வாசனை. கட்டன் சாயா நிறத்துக்கு வரும்போது வறுத்த முந்திரி வாசனை சேர்ந்துகொள்ளும். பிளம் கேக்குக்கு இதையும் தாண்டி ஒரு படி போகவேண்டும். பழைய செப்புக் குடத்தின் உட்புறம் மாதிரிச் சிவந்த கருப்பு. அந்த இடத்தில்தான் மேலே நுண்ணிய நுரை கூடிக்கொண்டு வரும். முதல் இழை புகை கண்ணுக்குத் தெரிந்ததும் வாசனை மூக்கில் இல்லாமல் தொண்டையில் தெரிய ஆரம்பிக்கும். இனிப்பாக இருந்தது உறுத்தலாக மாறும். உறுத்தல் வந்துவிட்டால் பாகு கைமீறிவிட்டது. ஆகவே எனக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே, கட்டன் சாயா நன்றாகச் சிவந்த நிலையில், அடுப்பிலிருந்தே பாத்திரத்தைத் தூக்கி ஈரத் துணி மேல் வைத்தேன். உஸ்ஸென்று சத்தம் வரும், அடியின் சூடு நின்றுவிடும். மிச்சப் படியைப் பாகே ஏறிக்கொண்டது. தெர்மாமீட்டர் 178இல் இருந்தபோது எடுத்தது 184 வரை போய் நின்றது. இரும்புச் சட்டியில் இது எங்கே போய் நின்றிருக்கும் என்று பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

தண்ணீர் ஊற்றும்போது கவனம். முக்கால் டம்ளர், கொதிக்கிற தண்ணீராகத்தான் இருக்கவேண்டும். பாத்திரத்தை உடலைவிட்டு எட்ட வைத்து, கை முழுக்க மூடியிருக்க, ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். 180 டிகிரிப் பாகில் தண்ணீர் பட்டதும் வெடித்துச் சிதறும். பாகுச் சூடு வெந்நீர்ச் சூடு மாதிரி இல்லை, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும். குழந்தைகளை அந்த ஐந்து நிமிடம் அடுக்களைப் பக்கம் விடுவதில்லை. கட்டி பிடித்தால் பயப்படவேண்டாம், திரும்பச் சிம்மில் வைத்தால் கரைந்துவிடும்.

இந்தச் சிரப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கசப்பு லேசாக இருக்கும். அது வேண்டும். கேக்கில் அத்தனை உலர்பழமும் சர்க்கரையும் சேரும்போது இந்தக் கசப்பு அடியில் நிற்கும். “கொஞ்சம் கசக்கணும் தம்பி, ஆனா இருமல் வரக்கூடாது” என்பது எதிர் வீட்டு அக்காவின் அளவுகோல். அவர் வாழ்நாளில் தெர்மாமீட்டர் பிடித்ததில்லை.

வெல்லத்தில் இந்தச் சலுகை கிடையாது, அதனால் வெல்லத்துக்குத் திரும்புகிறேன். சர்க்கரையில் கண்ணை நம்பலாம், ஏனென்றால் வெள்ளையில் ஆரம்பித்துக் கருப்பில் முடிகிறது. வெல்லம் ஆரம்பிக்கும்போதே பழுப்பு. என் நெய்க்காரப்பட்டி வெல்லம் கரைந்த உடனேயே கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. வெளுப்பாக்குவதற்காக ஹைட்ரோஸ் போட்ட வெல்லமோ, பதம் தாண்டிய பிறகும் மஞ்சளாக இருந்து ஏமாற்றும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வெல்லத்தில் சர்க்கரையோடு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், கொஞ்சம் புரதச் சத்து எல்லாம் கலந்திருக்கின்றன. இவை வெறும் சர்க்கரையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கருகத் தொடங்கும். 180 வரை சர்க்கரை தாங்கும், வெல்லம் 150ஐத் தாண்டினால் ஆபத்து. மொறுமொறுப்பான பதம் வருவதும் அதை ஒட்டித்தான். இடைவெளி அவ்வளவு குறுகல். ஒரு விதத்தில் மலையில் இருப்பது நல்லது. பதம் 7 டிகிரி முன்னாலேயே வந்துவிடுவதால், கருகுகிற எல்லைக்கும் நமக்கும் நடுவே கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது.

முதல் பாத்திரத்தில் நான் செய்த இன்னொரு தப்பு, கரைத்த வெல்லத்தை வடிகட்டாதது. வெல்லத்தில் மண்ணும் கரும்புச் சக்கைத் துணுக்கும் இருக்கும். அவை அடியில் தங்கி, மேலே பாகு 120இல் இருக்கும்போதே தீய்ந்துவிடும். அந்த 145 டிகிரிக் காந்தல் வாடையில் பாதி அதனால் வந்ததுதான் என்று நினைக்கிறேன். பாத்திரத்தைக் கழுவும்போது அடியில் கருப்பு வளையமாக ஒட்டியிருந்தது. இப்போது சிம்மில் கரைத்து, மெல்லிய துணியில் வடித்து, பாத்திரத்தைக் கழுவித் துடைத்த பிறகே திரும்பக் கொதிக்க விடுகிறேன்.

கொதிக்கும்போது காதையும் கண்ணையும் குமிழியில் வைக்கிறேன். முதலில் நுரை பாலைப்போலப் பொங்கி வரும். அப்போது தீயைக் குறைத்துக் கிளறினால் அடங்கும். அப்புறம் குமிழிகள் சின்னதாகவும் தடித்தும் வரும், மேலே எண்ணெய் தடவியதுபோலப் பளபளப்பு. சத்தம் சலசலவிலிருந்து பொத், பொத் என்று மாறும். அங்கிருந்து தீ சிம்மை விட்டு ஏறக் கூடாது, கரண்டியும் நிற்கக் கூடாது. சர்க்கரைக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இது. வெல்லம் எளிதில் மணலாக உறையாது, ஆனால் அடிபிடிக்கும்.

கிண்ணத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமான சோதனை. பொரி உருண்டைக்கு உருட்டினால் முத்து மாதிரித் திரளவேண்டும், தட்டில் போட்டால் சத்தம் வரவேண்டும். கடலை மிட்டாய்க்கு எடுத்து வளைத்தால் வளையாமல் டக்கென்று ஒடியவேண்டும், கடித்தால் பல்லில் ஒட்டக் கூடாது. இதிலும் ஊர் விளையாடியது. டிசம்பரில் எங்கள் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி. அதில் விட்டால் பதம் வராத பாகும் விறைத்து ஒடிந்துவிடும். போன வருடம் அப்படி ஏமாந்து செய்த உருண்டைகள் இங்கே கல் மாதிரி இருந்தன. வத்தலக்குண்டுக்குச் சித்தி எடுத்துப் போனார், மறுநாள் போனில், “என்னடா இது, டப்பாவைத் திறந்தா எல்லாம் ஒரே உருண்டையா இருக்கு” என்றார். இப்போது கிண்ணத்தில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, கைக்குக் குளிரில்லாமல் ஆக்கிக்கொண்டுதான் சோதிக்கிறேன்.

ஒடிகிற பதம் கிடைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கையோடு கடலையைக் கொட்டினேன். கடலை பாகைவிட எவ்வளவோ சூடு குறைவாக இருப்பதால் பாகின் ஏற்றத்தை அதுவே தடுத்துவிடும். கேரமலுக்கு ஈரத் துணி செய்த வேலையை இங்கே கடலை செய்கிறது. அதற்காகக் கடலையைத் தட்டில் தயாராக, அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் வெல்லத்தையே கரைக்கிறேன். ஆனால் ரொம்பக் குளிர்ந்திருந்தால் பாகு உடனே இறுகிக் கட்டி கட்டியாகிவிடும். ஆகவே கடலையை லேசாகச் சூடுபடுத்திக்கொண்டேன். நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டேன். ஆறியதும் எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடினேன். மஞ்சு அடிக்கிற நாளில் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும்.

கருகிய இரண்டு பாத்திரங்களைத் தேய்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தண்ணீர் நிரப்பி அரை மணி கொதிக்கவிட்டதில் கேரமல் தானாகக் கரைந்து போனது. கசந்த கடலை மிட்டாயை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தூளாக்கிப் பாயசத்தில் போட்டுப் பார்த்தேன், பாயசமும் கசந்தது. தெர்மாமீட்டர் அட்டையில் பாகுப் பதங்களுக்கு நேரே பேனாவால் 7 கழித்து எழுதி, கேரமல் வரிசையைத் தொடாமல் விட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.